மிக்ஸ் வேரியன்ஸும் ஈல்ட் வேரியன்ஸும்: தேயிலை பிளெண்டிங் கணக்குல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

அக்கா, யூசேஜ் வேரியன்ஸ்னு ஒண்ணு ஏற்கனவே இருக்கே, அப்புறம் எதுக்கு மிக்ஸ், ஈல்ட்னு ரெண்டா உடைக்கிறாங்க?

வெள்ளவத்தை கிளாஸ்லயும் இதைத்தான் கேக்குறாங்க, பேலியகொடை பக்கம் பிளெண்டிங் பெக்டரியில வேலை செய்ற பிள்ளைகளும் இதைத்தான் கேக்குறாங்க, அதனாலதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

யூசேஜ் வேரியன்ஸ் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், வந்த அவுட்புட்டுக்கு போயிருக்க வேண்டிய சரக்கை விட கூட போச்சா குறைய போச்சான்னு. ஒரே ஒரு சரக்கு போற வேலைக்கு அது போதும். ஆனா தேயிலை பிளெண்ட்ல ஹை க்ரோன், மிட் க்ரோன், லோ க்ரோன்னு பல தேயிலை ஒண்ணா டிரம்ல விழுது, ஒண்ணைக் குறைச்சு இன்னொண்ணைக் கூட்டலாம். அப்போ ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, எந்த விகிதத்துல போட்டாங்கங்கிறது, அது மிக்ஸ். மற்றது, மொத்தமா போட்ட கிலோவுல எத்தனை கிலோ பிளெண்டா வெளிய வந்துச்சுங்கிறது, அது ஈல்ட். முதல்ல சொன்னதை முடிவு பண்றது டேஸ்டரும் வாங்குற ஆளும், ரெண்டாவது பெரும்பாலும் ஃப்ளோர்ல நடக்குறது. ரெண்டையும் ஒரே நம்பர்ல போட்டு வச்சா யாரைக் கேக்குறதுன்னே தெரியாது.

எல்லா மெட்டீரியலையும் மிக்ஸ்ல சேர்க்கணுமா? பேக், பெட்டி எல்லாம் கூடவா?

இல்லை. ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு போடலாம்ங்கிற சரக்குக்கு மட்டும்தான் மிக்ஸ் கணக்கு. ஏர்ல் க்ரேயை எடுத்துக்குங்க, அதுல பேர்கமொட் வாசனை சேர்க்குறாங்க, அந்த வாசனையைக் குறைச்சிட்டு பதிலா 5 கிலோ தேயிலை கூட போட்டேன்னு யாரும் சொல்ல முடியாது. அதனால தேயிலைகளுக்குள்ள மட்டும் மிக்ஸ் பாருங்க, வாசனைக்கும் டீ பேக் பேப்பருக்கும் பெட்டிக்கும் தனித்தனியா யூசேஜ் போட்டா சரி. இதை எல்லாம் ஒண்ணாக் கலந்து, கிலோவையும் லீட்டரையும் கூட்டி மொத்த இன்புட்னு போட்ட ரிப்போர்ட் எல்லாம் பாத்திருக்கேன், அந்த நம்பருக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

சரி, ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன். மிக்ஸ் எப்படி எடுக்கிறது?

இந்தப் பக்கம் முழுக்க இதே கணக்கைத்தான் பாவிக்கப் போறேன். விலையெல்லாம் கணக்குக்காக நான் வச்சது, ஏல விலைன்னு எடுத்துக்காதீங்க. ஸ்டான்டர்ட் பெட்ச்ல 1,000 கிலோ தேயிலை போட்டா 980 கிலோ பிளெண்ட் வரணும், அதாவது 2% கழிவு. மாசத்துல மொத்தமா போட்டது 10,000 கிலோ, வந்தது 9,700 கிலோ.

| தேயிலை | ஸ்டான்டர்ட் விகிதம் | ஸ்டான்டர்ட் விலை (ரூபா) | உண்மையில போட்ட கிலோ | உண்மை விலை (ரூபா) |
|---|---|---|---|---|
| ஹை க்ரோன் | 50% | 1,400 | 4,200 | 1,450 |
| லோ க்ரோன் | 30% | 1,180 | 3,300 | 1,160 |
| மிட் க்ரோன் | 20% | 1,100 | 2,500 | 1,100 |

மிக்ஸுக்கு நீங்க கேக்க வேண்டிய கேள்வி, இதே 10,000 கிலோவை ஸ்டான்டர்ட் விகிதத்துல போட்டிருந்தா எவ்வளவு எவ்வளவு போயிருக்கும்ங்கிறதுதான். ஹை 5,000, லோ 3,000, மிட் 2,000. உண்மையில ஹை 800 கிலோ குறைய, லோ 300 கூட, மிட் 500 கூட. ஒவ்வொரு வித்தியாசத்தையும் அதோட ஸ்டான்டர்ட் விலையால பெருக்குங்க. ஹை 800 × 1,400 = 11,20,000 சாதகம். லோ 300 × 1,180 = 3,54,000 பாதகம். மிட் 500 × 1,100 = 5,50,000 பாதகம். மொத்தம் 2,16,000 சாதகம்.

கிலோ வித்தியாசம் மூணையும் கூட்டினா பூச்சியம் வரணும் (800 குறைய, 300 + 500 கூட), வரலைன்னா விகிதப்படி பிரிச்ச இடத்துல ஏதோ தப்பு. எக்ஸாம்ல பிள்ளைகள் அதிகமா விழுறது இங்கதான், உண்மையான மொத்த இன்புட்டைப் பிரிக்காம ஸ்டான்டர்ட் பெட்ச் அளவைப் பிரிச்சிடுவாங்க.

ஈல்டுக்கு எந்த விலையால பெருக்கணும்? இன்புட் சராசரியா, அவுட்புட் கொஸ்டா?

ரெண்டும் போகும், எதை எதோட சேர்க்கிறீங்கங்கிறதுதான் விஷயம். ஸ்டான்டர்ட் மிக்ஸ்ல ஒரு கிலோ இன்புட்டோட சராசரி விலை 1,274 ரூபா. அதுல 2% கழிவு போறதால ஒரு கிலோ பிளெண்டோட ஸ்டான்டர்ட் கொஸ்ட் 1,274 ÷ 0.98 = 1,300 ரூபா.

அவுட்புட் வழியா போனா, 10,000 கிலோ போட்டா 9,800 வரணும், வந்தது 9,700, குறைவு 100 கிலோ × 1,300 = 1,30,000 பாதகம். இன்புட் வழியா போனா, 9,700 கிலோ எடுக்க 9,700 ÷ 0.98, அதாவது 9,898 கிலோ கிட்ட போதும், நாம போட்டது 10,000, கூட போனது 102 கிலோ சொச்சம் × 1,274, அதே 1,30,000. அவுட்புட் குறைவை 1,274ஆல பெருக்கினாத்தான் பிழை, கழிவுக்கான செலவு விடுபட்டுப் போயிடும்.

ரெண்டையும் கூட்டினா யூசேஜ் வரணும்னு சொல்றாங்க, எனக்கு வரவே மாட்டேங்குது.

வரும், பாருங்க. 2,16,000 சாதகத்துல 1,30,000 பாதகத்தைக் கழிச்சா 86,000 சாதகம். நேரா எடுத்தா, 9,700 கிலோ பிளெண்டுக்கு ஸ்டான்டர்ட் கொஸ்ட் 1,26,10,000. உண்மையில போட்ட கிலோக்களை ஸ்டான்டர்ட் விலையில போட்டா 1,25,24,000. வித்தியாசம் அதே 86,000. உங்களுக்கு வரலைன்னா பெரும்பாலும் எங்கயோ உண்மை விலை உள்ள நுழைஞ்சிருக்கும். மிக்ஸ், ஈல்ட் ரெண்டுலயுமே உண்மை விலைக்கு இடம் கிடையாது.

உண்மை விலை போறது ப்ரைஸ் வேரியன்ஸுக்குள்ள மட்டும். ஹை 4,200 × 50 = 2,10,000 பாதகம், லோ 3,300 × 20 = 66,000 சாதகம், மிட் ஒண்ணுமில்ல, சேர்த்தா 1,44,000 பாதகம். 86,000 சாதகத்தோட சேர்த்துப் பாத்தா மொத்த மெட்டீரியல் வேரியன்ஸ் 58,000 பாதகம்.

ஒரு புத்தகத்துல லோ க்ரோன் மிக்ஸ் பாதகம்னு வருது, இன்னொண்ணுல சாதகம்னு வருது. எது சரி அக்கா?

ரெண்டு முறை இருக்கு, மொத்தம் ஒண்ணுதான். மேல நான் செஞ்சது ஒவ்வொரு தேயிலையோட சொந்த விலையால பெருக்குறது, அதுல கூடப் போட்டாலே பாதகம்னு வரும், அது மலிவுத் தேயிலையா இருந்தாலும் சரி. ரெண்டாவது முறையில சொந்த விலைக்குப் பதிலா அந்த விலைக்கும் சராசரி 1,274க்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்குவாங்க.

அப்படிப் போட்டா ஹை 800 குறைய × 126 = 1,00,800 சாதகம், விலை கூடினதைக் குறைச்சதால. லோ 300 கூட × 94 = 28,200, இதுவும் சாதகம், ஏன்னா சராசரியை விட மலிவானதைக் கூட்டியிருக்கோம். மிட் 500 கூட × 174 = 87,000 சாதகம். கூட்டுங்க, அதே 2,16,000. எக்ஸாமுக்கு உங்க சிலபஸ் எந்த முறை சொல்லுதோ அதைச் செய்ங்க, ஆனா மெனேஜருக்கு தனித்தனி வரியைக் காட்டுறதா இருந்தா ரெண்டாவது முறையைத்தான் நான் விரும்புவேன். முதல் முறையில லோ க்ரோனுக்கு நேரே மூன்றரை லட்சம் பாதகம்னு பாத்துட்டு, "ஏன் லோ க்ரோனை இவ்வளவு வீணாக்குறீங்க"ன்னு பெக்டரிக்கு கோல் எடுத்தவங்க இருக்காங்க, அங்க ஒரு கிலோ கூட வீணாகலை.

மிக்ஸ் 2,16,000 சாதகம்னா வாங்குற ஆளுக்கு நல்ல பேர், ஈல்ட் 1,30,000 பாதகம்னா பெக்டரிக்கு கெட்ட பேர், அவ்வளவுதானே?

அவசரப்படாதீங்க, இங்கதான் சண்டையே வரும். மிட் க்ரோன் கூடப் போட்டதாலதான் காம்பும் நாரும் தூசியும் கூட வந்து கழிவு கூடிச்சுன்னு பெக்டரி சொல்லும், உங்க சல்லடைதான் சரியில்லைன்னு வாங்குறவர் சொல்லுவார். ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கலாம், எவ்வளவுன்னு கணக்குல பிரிச்சுப் பாக்கலாம், ஆனா அதுக்கு 2% கழிவுங்கிற ஒரே நம்பர் போதாது, ஒவ்வொரு தேயிலைக்கும் தனியா எதிர்பார்க்குற கழிவு வேணும்.

நம்ம கணக்குல ஹை 1.4%, லோ 2%, மிட் 3.5%ன்னு வச்சுக்குங்க. ஸ்டான்டர்ட் விகிதத்துல போட்டா இது சரியா 2% தரும். இப்போ உண்மையில போட்ட கிலோவுக்குப் பாருங்க, ஹை 58.8, லோ 66, மிட் 87.5, மொத்தம் 212.3 கிலோ கழிவு. 200க்குப் பதிலா 212.3, அப்போ மிக்ஸை மாத்தினதால கூடின கழிவு 12 கிலோ சொச்சம்தான். உண்மையில போனது 300 கிலோ. மிச்சம் 87.7 கிலோவுக்கு மிக்ஸ் காரணமில்லை, பெக்டரிதான் பதில் சொல்லணும். காசுல பாத்தா 1,30,000ல கிட்டத்தட்ட 16,000 மிக்ஸோட தலையில, 1,14,000 ஃப்ளோர்ல. வாங்குற ஆளோட மிக்ஸ் முடிவை அந்த 16,000ஐக் கழிச்சுத்தான் மதிக்கணும், 2,00,000 சாதகம். நம்பர் வேற மாதிரி இருந்தா தீர்ப்பும் மாறும், மிட் க்ரோனோட கழிவு 10% ஆயிருந்தா கதை தலைகீழ்.

தனித்தனி கழிவு எங்க கிடைக்கும்னு கேப்பீங்க. அந்தந்த தேயிலையை மட்டும் சல்லடையில போட்டு, போகும்போதும் வரும்போதும் நிறுத்துப் பாக்குறதுதான் வழி. அதைச் செய்யாம ரெண்டு பக்கமும் வாய்ச் சண்டை போடுற இடம்தான் அதிகம்.

அந்த 87.7 கிலோ எங்க போயிருக்கும்? எப்படித் தேடுறது?

தேயிலை பிளெண்டிங்ல சரக்கு காணாமப் போற இடம் கொஞ்சம்தான். சல்லடையில விழுற காம்பு நார், டஸ்ட் கலெக்டர் இழுக்குற தூசி, காந்தத்துல ஒட்டுற இரும்புத் துகளோட சேர்ந்து போறது, பேப்பர் சாக்கை உதறாம வச்சதுல ஒட்டியிருக்குறது, நிலத்துல கொட்டிக் கூட்டி அள்ளுறது. இந்த ஒவ்வொரு இடத்துலயும் சேர்றதை தனித்தனியா நிறுத்து, பெட்ச் நம்பரோட எழுதி வச்சா, 300 கிலோ கழிவுல எத்தனை கிலோ கண்ணுக்குத் தெரியுதுன்னு வரும்.

கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இருந்தா ரெண்டு சந்தேகம்தான். ஒண்ணு தராசு, முக்கியமா உள்ள வரும்போது சாக்குல அச்சடிச்ச எடையை அப்படியே எழுதிட்டு வெளிய போகும்போது மட்டும் நிறுக்குற பழக்கம். வரும்போதே ஒரு சாக்குல 300 கிராம் குறைவா இருந்தா அது ஈல்ட் இல்ல, வாங்கினதுல வந்த குறை, ப்ரோக்கர் பக்கம் பேச வேண்டிய விஷயம். ரெண்டாவது ஈரம், அதுக்கு அடுத்த கேள்வியைப் பாருங்க.

போன மாசம் எங்க ஈல்ட் 100%க்கு மேல வந்துச்சு. கணக்கு பிழைன்னு ஒபிஸ்ல திட்டுறாங்க, பிழையா?

பிழையா இருக்கணும்னு அவசியமில்ல. காஞ்ச தேயிலை ஈரத்தை இழுக்கும், கொழும்புக் காத்துல அதுவும் மழை மாசத்துல கதவைத் திறந்து வச்சு வேலை செஞ்சா நல்லாவே இழுக்கும். 10,000 கிலோ தேயிலை 4% ஈரத்தோட உள்ள வருதுன்னா அதுல காஞ்ச பொருள் 9,600 கிலோ. வெளிய போகும்போது ஈரம் 5% ஆயிருந்தா, அதே 9,600 கிலோ காஞ்ச பொருள் தராசுல 9,600 ÷ 0.95 = 10,105 கிலோன்னு காட்டும். ஒரு கிராம் தேயிலை கூடல, 105 கிலோ தண்ணி.

இதோட அளவை நம்ம கணக்கோட வச்சுப் பாருங்க, முழு மாசத்தோட ஈல்ட் குறையே 100 கிலோதான். அதாவது ஈரம் ஒரு சதவீதம் ஏறினா 1,30,000 ரூபா பாதகம் அப்படியே மறைஞ்சு போகும், யாருக்கும் தெரியாது, பெக்டரிக்கு பாராட்டு வேற கிடைக்கும். அதனால உள்ள வர்ற லொட்டுக்கும் வெளிய போற பெட்ச்சுக்கும் ஈரம் எடுத்து, ரெண்டையும் ஒரே ஈர அடிப்படைக்கு மாத்தி, அதுக்கப்புறம் ஈல்ட் போடுங்க. ஈரம் கூடின தேயிலை கெதியா பழசாகும், பூஞ்சணமும் பிடிக்கும், அந்த 105 கிலோவை லாபம்னு நினைச்சுடாதீங்க.

ஏலத்துல விலை வாராவாரம் மாறுதே, வருஷ ஆரம்பத்துல போட்ட ஸ்டான்டர்ட் விலையை வச்சு மிக்ஸ் பாத்தா சரியா வருமா?

அதுதான் இந்தக் கணக்கோட பலவீனம். கொழும்பு ஏலம் 1883ல இருந்து நடக்குது, வாரத்துக்கு வாரம் விலை ஆடும், ஜனவரியில போட்ட ஸ்டான்டர்ட் மே மாசத்துல பழங்கதை. மிக்ஸ் வேரியன்ஸ் ஸ்டான்டர்ட் விலையை மட்டும் பாக்குறதால, சந்தை திரும்பினாலும் அதுக்குத் தெரியாது.

இதே கணக்குல மிட் க்ரோன் விலை மட்டும் சந்தையில 1,350க்கு ஏறியிருந்ததுன்னு வையுங்க. பழைய ஸ்டான்டர்ட்ல மிக்ஸ் இன்னும் 2,16,000 சாதகம்னே காட்டும், விலை ஏறினது முழுக்க ப்ரைஸ் வேரியன்ஸ்ல போய் விழும். புது விலையில மிக்ஸ் போட்டா மிட் 500 × 1,350 = 6,75,000 பாதகம், மொத்தம் 91,000 சாதகம்தான். மிட் 1,532க்கு வந்தா மிக்ஸ் பூச்சியம், அதைத் தாண்டினா மிட்டைக் கூட்டினதே நட்டம். அந்த நேரத்துல ஹைக்கு பதிலா மிட் போடுன்னு ரிப்போர்ட் சொல்லிக்கிட்டு இருந்தா வாங்குற ஆள் பழைய நம்பரைத் துரத்துவார். அதனால குறைஞ்சது மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்டான்டர்ட் விலையைத் திருத்துங்க, இல்லாட்டி சந்தை விலையில இன்னொரு தடவை மிக்ஸ் போட்டு பக்கத்துல வையுங்க.

அப்புறம் ஒண்ணு, ஹை க்ரோன்தான் எப்பவும் விலை கூடுன்னு பிள்ளைகள் நினைக்கிறாங்க. கணக்குக்கு நான் அப்படி வச்சிருக்கேன், ஆனா கொழும்பு ஏலத்துல பல வருஷங்கள்ல லோ க்ரோன் சராசரி விலை ஹை க்ரோனை விட கூடவே இருந்திருக்கு. பேரைப் பாத்து எது மலிவுன்னு முடிவு பண்ணாதீங்க.

மிக்ஸ் சாதகமா வந்து, ஈல்டும் பரவாயில்லாம இருந்தா பிரச்சினை இல்லைதானே?

கோப்பையில என்ன வந்துச்சுன்னு இந்த ரெண்டு நம்பரும் சொல்லாது. 800 கிலோ ஹை க்ரோனைக் குறைச்சா சாயமும் வாசனையும் மாறும், வெளிநாட்டு பையர் சாம்பிளை ஒப்பிட்டுப் பாத்துட்டு விலை குறைக்கச் சொன்னா அது விற்பனைப் பக்கத்துல வேற மாசத்துல பாதகமா விழும், மெட்டீரியல் ரிப்போர்ட்ல தெரியவே தெரியாது. 9,700 கிலோவுக்கு கிலோவுக்கு 25 ரூபா குறைச்சாலே 2,42,500 ரூபா, மிக்ஸ்ல சேமிச்ச 2,16,000 போயே போச்சு.

இதுக்கு நடைமுறையில செய்றது, டேஸ்டரோட பேசி ஒவ்வொரு பிளெண்டுக்கும் ஒரு எல்லை வைக்கிறது. ஹை 45%க்கு கீழ போகக் கூடாதுன்னு இருந்தா, நம்ம மாசத்துல 42% போட்டது சாதகம்னு பாராட்ட வேண்டிய விஷயமே இல்ல, டேஸ்டர் கையெழுத்து இருக்கான்னு கேக்க வேண்டிய விஷயம். எல்லைக்குள்ள நடந்த மாற்றத்துக்கு மட்டும் மிக்ஸ் வேரியன்ஸை வாங்குற ஆளோட வேலையை மதிக்கப் பாவிங்க.

மாசக் கடைசியில டிரம்ல பாதி இருக்குற பெட்ச்சை என்ன செய்றது?

மாசத்தை வச்சு ஈல்ட் போடாதீங்க, பெட்ச்சை வச்சுப் போடுங்க. 31ஆம் திகதி தேயிலையை இஷ்யூ பண்ணி 2ஆம் திகதி பேக் பண்ணினா, முதல் மாசம் ஈல்ட் படுமோசமாவும் அடுத்த மாசம் 100%க்கு மேலயும் காட்டும், மேல சொன்ன ஈரக் கதைன்னு நினைச்சு எல்லாரும் ஹைக்ரோமீட்டரைத் தேடிக்கிட்டு இருப்பாங்க. முடிஞ்ச பெட்ச்சை மட்டும் மாச ரிப்போர்ட்ல எடுங்க, முடியாததை இன்புட்டோட ஸ்டான்டர்ட் விலையில ஸ்டொக்கா வச்சுட்டு அடுத்த மாசம் கொண்டு போங்க. பெட்ச் நம்பர் இல்லாம இஷ்யூ நோட் எழுதுற ஸ்டோர்ஸா இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும், அதுவரைக்கும் மிக்ஸ் கணக்கு மட்டும்தான் ஓரளவுக்கு நம்பலாம், ஏன்னா அதுக்கு அவுட்புட் தேவையில்ல.